வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சு ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எல்லாருக்கும் எளிது. சென்னை நங்கநல்லூரில் ஒரு குடும்பம் இரண்டு படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. மாத வாடகை 15,000 ரூபாய், அந்தந்த மாதம் 5ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் 2025 ஜூன் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை, வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆகியிருக்கிறது. டிசம்பர் 11 அன்று உரிமையாளரின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வருகிறது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் வாடகை 45,000 ரூபாய் பாக்கி, வீட்டில் வேறொருவரை உள்வாடகைக்கு வைத்திருக்கிறீர்கள், உரிமையாளரின் மகனுக்கு வீடு தேவை, ஆகவே 15 நாளில் காலி செய்யுங்கள் என்கிறது அது. உதாரணத்தில் உள்ள குடும்பமும் தேதிகளும் கற்பனை. ஆனால் இந்த மூன்று காரணங்களும் ஒன்றாகச் சேர்ந்து வருவது சகஜம்.

நோட்டீஸ்ல 15 நாள்னு போட்டிருக்கு. 16ஆவது நாள் வந்து சாமானைத் தூக்கி வெளிய போட்டுடுவாங்களா?

முடியாது. நோட்டீஸ் என்பது உரிமையாளர் தன் தரப்பைச் சொல்லும் கடிதம், உத்தரவு அல்ல. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வாடகைதாரரைக் காலி செய்ய வைக்க உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும். அந்தச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் சொல்லியிருக்கும் காரணங்களில் ஒன்றையாவது நிரூபிக்கவும் வேண்டும். அதற்கு முன் பூட்டை மாற்றவோ, தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவோ அவருக்கு அதிகாரம் இல்லை. அப்படி எதையாவது நிறுத்தினால் 20ஆவது பிரிவின்படி வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

அந்த 15 நாள் எங்கிருந்து வருகிறது என்றால், 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆவது பிரிவிலிருந்து. மாத வாடகையை முடித்துக்கொள்ள எழுத்தில் 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது அது. வக்கீல்கள் பழக்கத்தில் அந்த எண்ணையே எல்லா நோட்டீசிலும் போடுகிறார்கள். பதில் அனுப்ப உங்களுக்குள்ள கெடுவாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அதனால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் மேல் உள்ள தபால் முத்திரைத் தேதி பின்னால் வேண்டியிருக்கும். நம் உதாரணத்தில் டிசம்பர் 26க்குள் பதில் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பொய்யான நோட்டீசுக்கு எதுக்குப் பதில்? சும்மா இருந்தா என்ன?

பதில் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆனால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால், "மூன்று மாத வாடகை பாக்கி என்று எழுதினோம், அவர் மறுக்கவே இல்லை" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். மௌனத்தை நீதிபதி உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. சம்பவங்கள் புதிதாக இருக்கும்போது தேதியோடு எழுதிய பதிலுக்கு ஒரு நம்பகத்தன்மை உண்டு. ஒரு வருடம் கழித்து வழக்குக்காக முதல்முறையாகச் சொல்லும் விளக்கத்துக்கு அது கிடைக்காது.

நீங்கள் அனுப்பும் பதிலும் வழக்கில் ஓர் ஆவணமாகத் தாக்கலாகும். அதை உரிமையாளர் படிப்பார், அவர் வக்கீல் படிப்பார், கடைசியில் உங்கள் யாரையும் தெரியாத ஒரு நீதிபதி படிப்பார். அந்த நீதிபதியை மனதில் வைத்து எழுதினால் கோபமான வரிகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

வாடகை பாக்கின்னு பச்சைப் பொய் எழுதியிருக்காங்க. அதைப் பொய்னு எழுதக் கூடாதா?

எழுதாமல் இருப்பதுதான் நல்லது. "பொய்" என்று எழுதினால், அவர் தெரிந்தே ஏமாற்றுகிறார் என்று நீங்கள் சொன்னதாக ஆகிறது. அதை நிரூபிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. "இது உண்மைக்கு மாறானது, சரியான விவரம் கீழே" என்றால் போதும். அப்புறம் கணக்கு பேசட்டும்.

உதாரணத்துக்கு வருவோம். பாஸ்புக்கைப் புரட்டினால் செப்டம்பர் 4ஆம் தேதி 15,000 போயிருக்கிறது. அக்டோபர் 5ஆம் தேதி 10,800 மட்டுமே போயிருக்கிறது. மீதி 4,200 ரூபாய்க்குத் தண்ணீர் மோட்டார் பழுது பார்த்திருக்கிறார்கள், அதற்கு உரிமையாளர் வாட்ஸ்அப்பில் "வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கிறார். நவம்பர் வாடகை 19ஆம் தேதிதான் போயிருக்கிறது, இரண்டு வாரம் தாமதம். பதிலில் அந்தப் பத்தி இப்படி இருக்கலாம்:

"தங்கள் கட்சிக்காரருக்கு நான் மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருப்பதாகத் தாங்கள் கூறுவது உண்மைக்கு மாறானது. செப்டம்பர் மாத வாடகை ரூ.15,000 04.09.2025 அன்று அவரது வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. அக்டோபர் மாதத்துக்கு 05.10.2025 அன்று ரூ.10,800 செலுத்தினேன். மோட்டார் பழுதுபார்த்த செலவு ரூ.4,200ஐ வாடகையில் கழித்துக்கொள்ளும்படி அவரே 02.10.2025 அன்று வாட்ஸ்அப் மூலம் தெரிவித்திருந்தார். நவம்பர் மாத வாடகை ரூ.15,000 19.11.2025 அன்று செலுத்தப்பட்டது. அம்மாத வாடகை தாமதமானதை ஒப்புக்கொள்கிறேன். டிசம்பர் மாத வாடகையும் 05.12.2025 அன்று செலுத்தப்பட்டுவிட்டது. ஆகவே இன்றைய தேதியில் பாக்கி எதுவும் இல்லை. வங்கிக் கணக்கு விவரம், மோட்டார் ரசீது, வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்."

நவம்பர் தாமதத்தை நாமே சொல்லிவிட்டோம், கவனித்தீர்களா? வங்கிக் கணக்கில் எப்படியும் அந்தத் தேதி தெரியத்தான் போகிறது. அதை மறைத்தால் மற்ற வரிகள் மீதும் சந்தேகம் விழும். தாமதம் வேறு, பாக்கி வேறு. சட்டப்படி இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, அதைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுதும் கட்டாமல் போனால்தான் அது காலி செய்ய வைக்கும் காரணமாகிறது.

எனக்கு உண்மையிலேயே ஒரு மாச பாக்கி இருக்கு. அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லி எழுதிடலாமா?

அந்த வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள். "அட்வான்சில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றால் பாக்கி இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உரிமையாளர் சம்மதிக்காமல் நீங்களாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது, அட்வான்ஸ் வீட்டை ஒப்படைக்கும்போது தீர்க்க வேண்டிய கணக்கு. இருக்கும் பாக்கியை உடனே வங்கி மூலம் கட்டுங்கள். விவரக் குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். பிறகு பதிலில் "இந்தத் தேதியில் செலுத்திவிட்டேன்" என்று இறந்த காலத்தில் எழுதுங்கள். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் தீர்ந்துவிட்டால் அந்தக் காரணம் வலுவிழந்துவிடுகிறது.

பலருக்குக் கை துறுதுறுக்கும் இன்னொரு விஷயம், அட்வான்ஸ் தொகை. சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் சென்னையில் ஆறு மாதம், பத்து மாதம் என்று வாங்குவது பழகிப்போன விஷயம். உங்கள் அட்வான்ஸ் கூடுதலாக இருந்தாலும் இந்தப் பதிலில் அதைக் கிளப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. நோட்டீசில் கேட்டது அதுவல்ல. கேட்காத குறைகளை அடுக்கினால் பதில், பழிவாங்கும் கடிதமாகத் தோன்றத் தொடங்கிவிடும்.

மச்சான் காலேஜ் படிக்க எங்ககூட தங்கியிருக்கான். அதை உள்வாடகைன்னு சொல்றாங்களே?

உள்வாடகை என்றால் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ உங்கள் கட்டுப்பாட்டிலிருந்து விட்டு இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவது. பெரும்பாலும் அதற்குப் பணமும் கைமாறும். உங்களோடு ஒரே சமையலில், ஒரே வாசலில் தங்கியிருக்கும் உறவினர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஆகவே அவர் இருப்பதை மறைக்காமல், யார், என்ன உறவு, எதற்காக இருக்கிறார் என்று எழுதுங்கள்:

"குறிப்பிடப்படும் நபர் என் மனைவியின் தம்பி. கல்லூரிப் படிப்புக்காக 2025 ஜூலை முதல் எங்கள் குடும்பத்துடன் தங்கியுள்ளார். அவரிடம் வாடகையோ வேறு தொகையோ பெறவில்லை. வீடு முழுவதும் என் பொறுப்பிலும் அனுபவத்திலும்தான் உள்ளது. யாருக்கும் உள்வாடகைக்கு விடவில்லை."

"என் வீட்டில் யார் தங்கினால் உங்களுக்கு என்ன" என்ற தொனி இங்கே எளிதில் வந்துவிடும். வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான், ஏனென்றால் அந்தக் கேள்விக்கு ஒப்பந்தத்திலேயே பதில் இருக்கலாம். எத்தனை பேர் குடியிருக்கலாம் என்று சில ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். எழுதுவதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மகனுக்கு வீடு வேணும்ங்கறது சும்மா சாக்கு, வாடகையை ஏத்தத்தான் இதெல்லாம். அதை எப்படி எழுதறது?

உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம் அல்ல, மகனுக்கு உண்மையிலேயே வீடு தேவைப்படவும் செய்யலாம். சொந்தத் தேவை என்றால் அதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது உரிமையாளரின் பொறுப்பு. நீங்கள் அதைத் தலைகீழாக நின்று மறுக்கத் தேவையில்லை, ஏற்றுக்கொள்ளவும் கூடாது:

"தங்கள் கட்சிக்காரரின் மகனுக்கு வீடு தேவைப்படுவது குறித்து எனக்கு நேரடியாக ஏதும் தெரியாது. ஆகவே அதை நான் ஏற்கவில்லை. எங்கள் ஒப்பந்தக் காலம் 30.04.2026 வரை உள்ளது என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்."

வாடகையை உயர்த்தச் சொல்லி ஆதாரம் ஏதாவது வந்திருந்தால் அது வேறு கதை. "25.11.2025 அன்று வாடகையை ரூ.20,000 ஆக உயர்த்தும்படி அவர் எனக்குச் செய்தி அனுப்பினார், நகல் இணைக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரியில் வையுங்கள். அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதைப் படிப்பவரிடம் விட்டுவிடுங்கள். "ஆகவே இது பேராசையால் போட்ட நோட்டீஸ்" என்று சேர்த்தால் அந்த ஆதாரத்தின் கூர்மையைத்தான் நீங்கள் மழுக்குகிறீர்கள்.

ஏப்ரல்ல எப்படியும் மாறப்போறோம். அதைப் பதில்ல சொல்லலாமா?

இதில் நிதானம் வேண்டும். "ஏப்ரல் 30ஆம் தேதி காலி செய்து தருகிறேன்" என்று எழுதினால் அது உறுதிமொழியாகிவிடும். பெண் பரீட்சை, புது வீட்டில் பெயிண்ட் வேலை என்று மே மாதம் வரை இழுத்தால் அந்த ஒரு வரியை வைத்தே உங்களை நெருக்குவார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால் கூடுதல் வாடகை கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

பேசித் தீர்க்க விருப்பம் இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள், தேதி கொடுக்காதீர்கள். "என் சட்டப்பூர்வ உரிமைகளுக்குப் பாதகமின்றி, இருதரப்புக்கும் வசதியான ஏற்பாடு குறித்துத் தங்கள் கட்சிக்காரருடன் பேச நான் தயாராக உள்ளேன்." பேச்சுவார்த்தை படிந்தால் தேதி, அட்வான்ஸ் திரும்பத் தரும் நாள், பெயிண்டுக்குப் பிடிக்கும் தொகை எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம். பிரச்சினையில் பாதி அட்வான்சைத் திருப்பித் தருவதில்தான் கிடக்கிறது என்பதால், சாவி கொடுப்பதும் பணம் கொடுப்பதும் ஒரே நாளில் என்று எழுதிக்கொள்வது நல்லது.

பதிலை எப்படித் தொடங்கறது, எப்படி முடிக்கறது? வக்கீல் வச்சுத்தான் அனுப்பணுமா?

நீங்களே எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். நோட்டீஸ் வக்கீலிடமிருந்து வந்ததால் பதிலும் அவருக்குத்தான் போக வேண்டும். மேலே உங்கள் பெயர், முகவரி, தேதி. கீழே வக்கீலின் பெயர், முகவரி. "பொருள்: தங்கள் கட்சிக்காரர் சார்பில் அனுப்பப்பட்ட 08.12.2025 தேதியிட்ட அறிவிப்புக்குப் பதில்." முதல் வரியில் நோட்டீஸ் எந்தத் தேதியில் கிடைத்தது என்று சொல்லிவிடுங்கள். அடுத்து ஏற்கக்கூடியதை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் உரிமையாளர், நீங்கள் வாடகைதாரர், வாடகை 15,000, ஒப்பந்தக் காலம் 2026 ஏப்ரல் 30 வரை என்பவற்றில் தகராறு இல்லையே. உரிமையாளருடன் இதுவரை நல்ல உறவு இருந்திருந்தால் அதையும் ஒரு வரி எழுதலாம், உண்மையாக இருந்தால் மட்டும்.

பிறகு நோட்டீசில் உள்ள பத்தி எண்களைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வாருங்கள். எதையும் தவறவிட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கடைசியில் இதைச் சேருங்கள்: "இப்பதிலில் குறிப்பாக ஒப்புக்கொள்ளப்படாத மற்ற கூற்றுகளை மறுக்கிறேன். மேற்கண்ட காரணங்களால் தங்கள் அறிவிப்பைத் திரும்பப் பெறும்படி தங்கள் கட்சிக்காரருக்கு அறிவுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்." இரண்டு பக்கத்துக்குள் அடங்கினால் நல்லது.

வக்கீலைப் பார்க்கத்தான் வேண்டும் என்று நான் சொல்வது இரண்டு இடங்களில். ஒன்று, எழுத்தில் ஒப்பந்தமே இல்லை அல்லது பதிவு செய்யவில்லை என்றால். எழுத்தில் ஒப்பந்தம் போடுவதையும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதையும் புதிய சட்டம் கட்டாயமாக்கியது. ஒப்பந்தம் போடத் தவறியதே காலி செய்ய வைக்க ஒரு காரணமாகவும் இருக்கிறது. உரிமையாளர் ஒப்பந்தம் போடக் கூப்பிட்டு நீங்கள் தட்டிக் கழித்திருந்தால் உங்கள் நிலை பலவீனமானது, அதை நீங்களாக எழுதிச் சமாளிக்க முயல வேண்டாம். இரண்டு, கடை அல்லது அலுவலக இடமாக இருந்து பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால்.

ஆதாரமா ஜிபே ஸ்கிரீன்ஷாட் போதுமா? எதுல அனுப்பறது?

ஸ்கிரீன்ஷாட்டைவிட வங்கிக் கணக்கு விவரம் பலமானது. கிளையில் கேட்டால் முத்திரையோடு தருவார்கள். அதில் வாடகை வரிகளை மட்டும் அடிக்கோடிட்டு, மற்ற வரவு செலவுகளை மறைத்து நகல் எடுக்கலாம். வாட்ஸ்அப் செய்தியைப் படம் எடுக்கும்போது மேலே எண்ணும், செய்தியின் தேதியும் தெரிய வேண்டும். சேமித்து வைத்த பெயர் மட்டும் தெரிந்தால் அது யார் எண் என்ற கேள்வி வரும். வழக்கு என்று வந்தால் மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் போனை மாற்றினாலும் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். மூலப் பத்திரம் எதையும் அனுப்ப வேண்டாம், நகல் மட்டுமே.

முன்பெல்லாம் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புவார்கள். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றும் கேட்டு வாங்குங்கள். உரிமையாளருக்கும் ஒரு நகல் தனியாக அனுப்புங்கள். கையெழுத்திட்ட ஒரு பிரதி, தபால் ரசீது, இந்தியா போஸ்ட் தளத்தில் வரும் பட்டுவாடா விவரம் மூன்றையும் ஒன்றாகப் பின் அடித்து வையுங்கள்.

ஓனர் அங்கிள் எங்களோட குடும்பம் மாதிரி பழகினவர். பதில் அனுப்பறதுக்குப் பதிலா நேர்ல போய்ப் பேசினா ஆகாதா?

பேசுங்கள், ஆனால் பதிலையும் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீசை வாய்ப்பேச்சால் ரத்து செய்ய முடியாது. "அங்கிள், நோட்டீசுக்குப் பதில் அனுப்பியிருக்கேன், கணக்கு எல்லாம் அதுல இருக்கு. கோபத்துல எதுவும் எழுதல, நீங்களும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்று தபால் போய்ச் சேர்வதற்கு முன் ஒரு போன் போட்டால் அதிர்ச்சி குறையும். சில சமயம் நோட்டீசைப் போடச் சொன்னது மகனாகவோ மருமகளாகவோ இருக்கும், பெரியவருக்கு அக்டோபர் மாதம் கழித்த 4,200 ரூபாய் மறந்தே போயிருக்கும். பேசிய பிறகு, பேசியதைச் சுருக்கமாக வாட்ஸ்அப்பில் மரியாதையோடு எழுதி அனுப்பிவிடுங்கள்.

பதில் போனதும் அடுத்த மாச வாடகையை வாங்க மாட்டேங்கறார். இப்ப என்ன செய்யறது?

வாடகையை மட்டும் நிறுத்தவே கூடாது. பணத்தைத் திருப்பி அனுப்பினாலும், கணக்கை மூடிவிட்டாலும், மணியார்டர் போன்ற ஒரு வழியில் இரண்டு மாதம் தொடர்ந்து அனுப்புங்கள். வாங்காமல் திரும்பிய மணியார்டரின் சீட்டே உங்கள் சாட்சி. அதற்குப் பிறகும் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் வாடகையைச் செலுத்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்தான் அந்த அதிகாரி. இல்லாத பாக்கியைப் பதிலில் மறுத்துவிட்டு, அடுத்த இரண்டு மாதத்தில் உண்மையான பாக்கியை நாமே உண்டாக்கிக் கொடுத்துவிடக் கூடாது.

பதிலும் போட்டாச்சு, அப்பவும் கேஸ் போட்டா?

வாடகை நீதிமன்றத்திலிருந்து சம்மன் வரும். அதை வாங்காமல் தவிர்ப்பதும், வாங்கிவிட்டுப் போகாமல் இருப்பதும் ஒரே விளைவைத்தான் தரும். நீங்கள் இல்லாமலேயே உத்தரவு போட்டுவிடுவார்கள். குறித்த தேதியில் போய், வக்கீல் மூலம் எதிருரை தாக்கல் செய்யுங்கள். உங்கள் பதிலில் உள்ள அதே கணக்கு, அதே தேதிகள் எதிருரையிலும் இருக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் குறுக்கு விசாரணையில் முதலில் பிடிபடுவது அந்த இடம்தான். அதற்காகத்தான் பின் அடித்து வைத்த அந்தப் பிரதியை முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் காட்டச் சொல்கிறேன்.